இரண்டு படத்திலும் தேதி தப்பு

இடமிருந்து வலம்: நண்பன், நான். இடம்: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், மதுரை. நாள்: 17 ஜனவரி 2024, காணும் பொங்கல், காலை. குளத்தில் தண்ணீர் நிற்கிறது. படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கும் தேதி தவறு.

புகைப்படத்தின் பின்பக்கம் எழுதுவதற்காக நானும் அவனும் சேர்ந்து முடிவு செய்த வாசகம் இது. டொரண்டோவிலிருந்து வந்திருந்தவன் ஊரில் இருந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போய்விட்டது. அந்த நேரத்தை வீணானதாக நான் நினைக்கவில்லை. பெயர், ஊர், தேதி என்று மூன்று சொல்லோடு முடித்திருக்கலாம். ஆனால் எங்களிடம் அதே குளத்தில் எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்துப் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நாங்கள் சொல்லாமல் யாருக்கும் எதுவும் விளங்காது.

பழைய படத்தில் நாங்கள் குளத்துக்குள்ளே நிற்கிறோம். காலடியில் வெடித்த மண். அவன் கையில் மட்டை, என் கையில் பந்து. எங்கள் தலைக்கு மேலே, பின்னால், கருங்கல் படிகள் ஏறிப் போகின்றன. அதற்கும் மேலே சுற்றுச்சுவர். கேமரா குளத்தின் தரையில் இருந்தது என்பதை அந்தச் சுவரின் உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஏறக்குறைய ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி. எங்களுக்கு அது மைதானம். ஒரே நேரத்தில் எத்தனையோ ஆட்டம் நடக்கும். ஒருத்தர் அடித்த பந்தை இன்னொரு ஆட்டத்துக்காரர் பிடித்துவிட்டு யாருடைய பந்து என்று தேடுவார். தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓட வேண்டிய இடம். தண்ணீர் இல்லாத வருஷங்களில் மீனாட்சியும் சுவாமியும் வந்து நிலைத்தெப்பத்தில் இருந்துவிட்டுப் போவார்கள். மறுநாள் நாங்கள் ஸ்டம்பு ஊன்றுவோம்.

அந்தப் படத்தின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 87 1 1 என்று விழுந்திருக்கிறது. படத்தை எடுத்தவர் அவனுடைய தாய்மாமா. துபாயிலிருந்து கொண்டுவந்த ஆட்டோஃபோகஸ் கேமரா. அந்த வகைக் கேமராக்களின் பின்மூடியில் தேதியை மட்டும் ஓட்டுவதற்கென்று சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்து, புதிதாக மாற்றினால், தேதி அந்த மாடலின் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். யாராவது உட்கார்ந்து சரி செய்யாவிட்டால் கல்யாணம், காதுகுத்து எல்லாமே ஜனவரி முதல் தேதியில்தான் நடக்கும். பழைய ஆல்பங்களில் ஜனவரி 1 என்று வரிசையாகப் படங்கள் இருந்தால் அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

"மாப்ள, எண்பத்தேழுல நம்ம ரெண்டாப்புடா. இந்த உயரம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்றான் அவன்.

உயரத்தை வைத்து வருஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நெகட்டிவ் இருந்தால் முடியும். மாமா வீட்டு அலமாரியில் ஸ்டுடியோ உறைக்குள் நெகட்டிவ் துண்டு அப்படியே இருந்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எண் அச்சாகியிருக்கும். எது முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எங்கள் படத்துக்கு இரண்டு எண் தள்ளி வைகை மணல், தலைகள், தலைகளுக்கு மேலே குதிரை வாகனத்தில் அழகர். அப்படியானால் இது சித்திரைத் திருவிழா நேரம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால். வருஷம்? அந்தக் கோடையில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து அவனுக்குப் புது மட்டை வாங்கிக் கொடுத்தார்கள். படத்தில் இருப்பது அதே மட்டை, பிடியில் உறைகூடக் கசங்கவில்லை. ஆக, 1995 ஏப்ரல். தேதி வேண்டாம், மாதம் போதும் என்று எழுதினோம். தெரிந்த அளவுக்கு எழுதுவது, தெரியாத நாளை உத்தேசமாக நிரப்புவதைவிட நல்லது.

இப்போது புதிய படம். இதை அவனுடைய டிஜிட்டல் கேமராவில் எடுத்தோம். குளத்தைச் சுற்றி நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரிப் பையனிடம் கொடுத்து, "தம்பி, மைய மண்டபம் எங்க ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற மாதிரி எடுங்க" என்றான் நண்பன். காலை ஏழே கால் மணி. அன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. படம் எடுத்த கையோடு அங்கே போனோம். ஆனால் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டபோது ஓரத்தில் 16 என்று விழுந்திருந்தது. 16-ஆம் தேதி பாலமேடு ஜல்லிக்கட்டு. அன்று நாங்கள் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

காரணம் லேசானது. கேமராவின் கடிகாரம் இன்னும் டொரண்டோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். மதுரையில் 17-ஆம் தேதி காலை ஏழே கால் என்றால், அங்கே 16-ஆம் தேதி இரவு எட்டே முக்கால். கேமரா பொய் சொல்லவில்லை, அதன் ஊர்க்கணக்கைச் சொன்னது. டொரண்டோ பக்கமிருந்து வருகிறவர்களின் கேமராவில் நமது காலை நேரத்துப் படங்கள் எல்லாம் இப்படி முந்தைய நாளில் போய் உட்கார்ந்துவிடும். சாயங்காலத்துப் படங்களில் தேதி சரியாகவே இருக்கும், மணி மட்டும் மாறும். அதனால் ஒரே பயணத்தில் பாதி நாட்கள் குழம்பிக் கிடக்கும்.

செல்போனில் எடுத்திருந்தால் நேரம் பெரும்பாலும் தானாக மாறியிருக்கும். அதில் வேறு சிக்கல். எடுத்த நேரமும் இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருந்தாலும், வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அவை உதிர்ந்துவிடும். வாங்கிய ஆளின் போனில் IMG-20240203-WA0007 என்பதுபோல ஒரு பெயர்தான் மிஞ்சும். அந்த எண்ணில் இருப்பது படம் வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல. டாக்குமென்டாக அனுப்பினால் தகவல் உதிராது.

தேதிகளை ஒருவழியாகத் தீர்த்தோம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது தண்ணீர்தான். பழைய படத்தை முதலிலும் புதிய படத்தை அடுத்தும் வைத்தால், பார்க்கிறவர் மாற்றி அடுக்கிவிடுவார். அந்தக் காலத்தில் நீர் நிறைந்திருந்தது, இந்தக் காலத்தில் வறண்டுவிட்டது என்றுதானே நாம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம்? இங்கே தலைகீழ். அவன் 1998-இல் போனவன். அப்பா அம்மா கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டதால் லீவில் வந்தாலும் மதுரைப் பக்கம் எட்டிப்பார்க்க வாய்க்கவில்லை. தன் மகளிடம் எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணியே கிடையாது என்று சொல்லி வளர்த்திருக்கிறான். காமராஜர் சாலை முடிவில் காரை விட்டு இறங்கியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

மழை கூடிவிட்டதால் வந்த தண்ணீர் இல்லை இது. இந்தக் குளத்துக்கு ஆதியிலிருந்தே வைகைதான் ஊற்று. பனையூர்க் கால்வாய் வழியாக வரும். ஆற்றில் மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துபோனது. கால்வாயின் வாய் மேலே நின்றுவிட்டது. வெள்ளம் வந்தால்கூடக் கால்வாய்க்குள் ஏறாமல் கீழேயே ஓடிப் போகும். போதாததற்குக் கால்வாய் நெடுகக் குப்பையும் சாக்கடையும். முடிந்த வருஷங்களில் திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது நீர் நிரப்புவார்கள், கோடைக்குள் வற்றும், எங்களுக்கு மைதானம் திரும்பக் கிடைக்கும். பிறகு நகருக்குள் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள், கால்வாயைச் சீர்செய்தார்கள். 2019, 2020 வாக்கிலிருந்து தண்ணீர் தன் போக்கில் வந்து நிற்கத் தொடங்கியது. மேலே வைகை அணையில் நீர் இருந்து திறந்துவிட வேண்டும், வாய்க்கால் அடைபடாமல் இருக்க வேண்டும்; இரண்டில் ஒன்று தவறினாலும் குளம் மறுபடி மைதானமாகும். அதனால்தான் "தண்ணீர் நிற்கிறது" என்பதைத் தேதியோடு சேர்த்து எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அவன் கேட்டது வேறொன்று: "அதே எடத்துலன்னு போடுவமாடா?"

போட முடியாது என்றேன். அன்று நின்ற தரை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. இன்று நிற்பது அதற்கு மேலே, கரையில். மைய மண்டபத்தை இரண்டு படத்திலும் ஒப்பிட்டால் புரியும். பழையதில் அதன் அடித்தளம் முழுக்கத் தெரிகிறது, நாங்கள் அதை அண்ணாந்து பார்க்கிற மட்டத்தில் இருக்கிறோம். புதியதில் அது எங்கள் தோளுக்கு நேரே நிற்கிறது, அடித்தளத்தில் பாதி நீருக்குள். பழைய படத்தின் பின்னால் "குளத்தின் உள்ளே" என்றும், புதியதில் "கரையில்" என்றும் சேர்த்தோம்.

மறுநாள் ஒத்தக்கடைப் பக்கம் போனோம். அங்கேயும் எங்களுக்கு ஒரு பழைய படம் உண்டு: வரப்பில் இருவரும், பின்னால் நடவு முடிந்த வயல், அதற்கும் பின்னால் யானைமலை. 1895-இலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து மேலூர் வரைக்கும் நெல் விளைவித்த பூமி. மாட்டுத்தாவணிக்குப் பேருந்து நிலையம் 1999-இல் வந்தது, உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை 2004-இல் வந்தது. அவன் ஊரைவிட்டுப் போன பிறகு வந்தவை இரண்டும். சாலை நெடுக மனைக்கற்கள். எங்கள் வரப்பு இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கதவும். ஊருக்கு நடுவே காய்ந்து கிடந்த குளம் நிறைந்துவிட்டது, ஊரைச் சுற்றி ஈரமாக இருந்த நிலம் காய்ந்துவிட்டது. இது என்னைச் சங்கடப்படுத்துகிறது. குளத்தைப் பார்த்த சந்தோஷத்தை அது குறைக்கவும் இல்லை.

அங்கே எடுத்த படத்தில் மலை மட்டும்தான் அடையாளம். அதற்கு எழுதியது: "யானைமலை, வடகிழக்கே பார்த்து. முன்னால் சுவர் இருக்கும் இடம் 1995-இல் நெல்வயல்." கேமராவில் மணியை மாற்றிவிட்டுத்தான் எடுத்தான், அதனால் தேதி சரி. மூன்று பிரதி போட்டோம். ஒன்று அவன் மகளுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருந்த மாமாவுக்கு.