பொருள்: தொட்டி சுத்தம் செய்தல் – தொடர்பாக

எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள், ஒரு லிஃப்ட், ஒரு சம்பு, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, ஒரே ஒரு செகரட்டரி. கடைசியாகச் சொன்னவருக்குப் பெயர் உண்டு. வரிப் புத்தகத்திலும் சங்கத்தின் வங்கிக் கணக்கிலும் அது இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அவர் செகரட்டரி சார்தான். அவர் மனைவிகூட இண்டர்காமில், "செகரட்டரி குளிச்சிண்டிருக்கார்" என்றுதான் சொல்வார்.

சென்னையில் எந்த அடுக்குமாடியைத் தட்டினாலும் இப்படி ஒருவர் வெளியே வருவார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா. நம் செகரட்டரி தபால் துறையில் இருந்தவர். ஊருக்கெல்லாம் அடுத்தவர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தே காலம் போய்விட்டதே என்ற குறையோ என்னவோ, இப்போது தானே எழுதித் தீர்க்கிறார். எழுத்து வடிவம் சுற்றறிக்கை. வெளியீடு லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவர்.

போன மாதம் வந்த சுற்றறிக்கை இப்படித் தொடங்கியது:

"பொருள்: சம்பு மற்றும் மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்தல் – தொடர்பாக. பார்வை: 1. வியாழக்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்தடை பற்றிய மின்வாரிய அறிவிப்பு. 2. ஆறாம் எண் வீட்டாரின் வாய்மொழிப் புகார் (புழு)."

அந்த அடைப்புக்குறிப் புழுவை ரசித்துக்கொண்டு நின்றதில் நான் லிஃப்டைத் தவறவிட்டேன்.

யோசனை என்னவோ நல்லதுதான். மின்தடை நாளில் மோட்டார் ஓடாது, எப்படியும் தண்ணீர்க் கஷ்டம். அதே நாளில் தொட்டியையும் கழுவிவிட்டால் இரண்டு நாள் கஷ்டம் ஒரு நாளில் முடியும். சுற்றறிக்கையின் ஐந்தாம் பத்தியில் இதை "சிக்கன நடவடிக்கை" என்று எழுதியிருந்தார். மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் கேட்டான்.

"சார், கரண்ட் இல்லைன்னா சம்புல அடியில நிக்கிற தண்ணியை எதால இறைப்பாங்க?"

செகரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் திருத்தம் வரப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை "திருத்தம்–1" சுவரில் இருந்தது. அதை எழுதிய மனிதர் வேறு ஆள் போல இருந்தார். புதன்கிழமை இரவு மொட்டை மாடித் தொட்டி முழுக்க நிரப்பப்படும். சம்புக்கு அன்று லாரித் தண்ணீர் வாங்கப்படாது, இருப்பது குறையட்டும். வியாழன் காலை ஆறு மணிக்கு மின்சாரம் இருக்கும்போதே அடித்தண்ணீரை பம்பு வைத்து இறைத்துவிட வேண்டும். முதலில் சம்பு, பிறகுதான் மேல்தொட்டி. மேலே பளபளவென்று கழுவிவிட்டு, அடுத்த நிமிடம் கழுவாத சம்பிலிருந்து சேற்றை ஏற்றினால் கொடுத்த கூலி வீண். தவிர, கீழே வேலை நடக்கும்போது மேலே உள்ள எட்டாயிரம் லிட்டர்தான் இருபத்து நான்கு வீட்டுக்கும் அன்றைய சோறு. பத்தரைக்கு வால்வு மூடப்படும். அதற்குள் அவரவர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டரைக்கு ஒன்பதாயிரம் லிட்டர் லாரி. அதற்கு மின்சாரம் வேண்டாம், குழாயை விட்டால் தானாகச் சம்பில் இறங்கும். இரண்டு மணிக்கு மின்சாரம், மோட்டார். மூன்றரைக்குக் குழாயில் தண்ணீர்.

இவ்வளவு தெளிவாக எழுதிய கை, கடைசியில் "மேற்கண்டவாறு ஒத்துழைப்பு நல்கிட வேண்டப்படுகிறது" என்று முடித்து நிம்மதி அடைந்திருந்தது.

முன்னெச்சரிக்கைகள் தனித்தாளில் வந்தன. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்தே லிஃப்டில் ஏறக்கூடாது. "அறிவிப்பில் ஒன்பது என்றால் அவர்கள் கடிகாரத்தில் ஒன்பது" என்று அடிக்குறிப்பு. குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாய்த் திருகை மூடி வைக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வரும் தண்ணீர் குழாயில் படிந்திருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு பழுப்பாக வரும். அதைப் பத்து நிமிடம் பாத்ரூம் குழாயில் விட்டுவிட வேண்டும். நாலாவது எச்சரிக்கையைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: தண்ணீர் வராதபோது திறந்து பார்த்த குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஆபீஸ் போகக்கூடாது. அதன் கீழே, "போன முறை யார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்." அதைப் படித்துவிட்டு ஐந்து வீட்டார் தனித்தனியே வந்து, அது தாங்கள் இல்லை என்று அவரிடம் விளக்கம் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வரவேண்டிய தொட்டி சுத்தம் செய்யும் ஆட்கள் எட்டே முக்காலுக்கு வந்தார்கள். அவர்கள் பம்பைச் சம்பில் இறக்கி, ஒயரைச் செருகியதும் அது ஒரு தடவை இருமியது. மின்சாரம் போய்விட்டது.

நான் செகரட்டரியைப் பார்த்தேன். கண்ணாடி துடைக்கப்படுமோ என்று நினைத்தேன். ஆட்களின் மேஸ்திரி கவலையே படவில்லை. "பெட்ரோல் இஞ்சின் இருக்கு சார், இறைச்சிரலாம்" என்றார். இருந்தது. ஆனால் உறிஞ்சும் குழாய் நீளம் போதவில்லை. உடனே ஒரு பையன் இஞ்சினையே கயிற்றில் கட்டிச் சம்புக்குள் இறக்கிவிடலாம் என்று தூக்கினான்.

அறுபத்தெட்டு வயசுக்காரர் வாசற்படியிலிருந்து அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

"டேய், வை கீழே! உள்ளே புகை நிரம்பினா வாசனையே தெரியாம ஆளைச் சாய்ச்சுடும்டா!"

அவர் சொன்னது சரி. பெட்ரோல் இஞ்சின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆள் நுழையும் வாய் மட்டும் திறந்த சம்பில் அது வெளியே போக வழியில்லை. மேஸ்திரி, "மெழுகுவத்தி கொளுத்திப் பார்த்துட்டு எறங்குவோம் சார்" என்றார். செகரட்டரி அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் மெழுகுவர்த்தி அணையும், உண்மை. ஆனால் இந்தப் புகை மண்டியிருந்தாலும் அது ஜம்மென்று எரியும். இஞ்சின் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. எதிர்க் கட்டடத்து வாட்ச்மேனிடம் தோட்டக் குழாய் ஒன்று கடன் வாங்கி வந்தார்கள். அது இஞ்சினுக்குச் சேரவில்லை. கடைசியில் மேஸ்திரி யாருக்கோ போன் போட்டு நீளக் குழாய் வரவழைத்தார். அது வரும்வரை சம்பின் இரண்டு மூடிகளும் திறந்தே கிடந்து உள்ளே காற்றாடியது. அப்புறம்தான் ஒருவர் இறங்கினார். இடுப்பில் கயிறு. மேலே கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவர். இதற்கு மட்டும் சுற்றறிக்கை இல்லை, செகரட்டரியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்காரும் முன் அவர் இன்னொரு காரியம் செய்தார். மீட்டர் அறைக்குப் போய், மோட்டாரின் மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள். பை முழங்காலைத் தொடப் பார்த்தது. பேனா இரண்டும் மூச்சுத் திணறின.

"கரண்ட்டே இல்லையே, எதுக்கு சார்?" என்றான் மூன்றாம் மாடிப் பையன்.

செகரட்டரி பார்வை எண் ஒன்றைக் காட்டினார். மின்வாரிய அறிவிப்பின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை: பணி முன்னதாக முடிந்தால் 2 மணிக்கு முன்பே மின்சாரம் கொடுக்கப்படும்.

இது பன்னிரண்டு ஐம்பதுக்குப் புரிந்தது. லாரி வரவில்லை. சம்பில் ஆள் கடைசிச் சேற்றைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். மேலே தொட்டி காலி. திடீரென்று மாடிப்படி விளக்குகள் எரிந்தன, எல்லா வீட்டிலும் டி.வி. பேசியது, குழந்தைகள் ஓவென்று கத்தின. எங்கள் மோட்டார் தானியங்கி. மேல்தொட்டி காலி என்று தெரிந்தால் யாரையும் கேட்காமல் ஓடும். சம்பு காலி என்று அதற்குச் சொல்ல வேண்டிய சென்சார் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. ஃப்யூஸ் இருந்திருந்தால், நீர்மூழ்கி மோட்டார் ஈரத்தில் நிற்கும் ஒரு மனிதரின் காலடியில் கிளம்பியிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடி அதுவும் கருகியிருக்கும்.

செகரட்டரி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது அன்று அந்த ஒரு முறைதான்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தில் மறுபடி பேசினார். மேஸ்திரி இரண்டு கை அள்ளித் தொட்டியில் தூவ இருந்தார். செகரட்டரி வீட்டிலிருந்து கடிதம் எடைபோடும் தராசு வந்தது. எட்டாயிரம் லிட்டருக்கு ஐம்பது கிராம். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் குளோரின் என்று கணக்கு, புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், மீதி சுண்ணாம்பு. அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். தரை தேய்க்கக் கொண்டுவந்திருந்த ஆசிட் பாட்டிலை அவரே தூக்கிப்போய் கேட்டுக்கு வெளியே வைத்தார். இரண்டும் கலந்தால் வருவது விஷ வாயு. "ஐம்பது கிராம், ஸ்பீட் போஸ்ட்னா இத்தனை ஆகும்" என்று ஸ்டாம்ப் விலையும் சொன்னார், நான் குறித்துக்கொள்ளவில்லை.

லாரி இரண்டு மணிக்கு வந்தது. இரண்டே முக்காலுக்குச் சம்பு நிரம்பியது. மேல்தொட்டி கழுவிக் காய்ந்திருந்தது. மின்சாரம் இருந்தது. மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. ஆறாம் எண் மாமி படியில் நின்று, "புழுவாவது வரட்டும், தண்ணி வந்தாப் போதும்" என்றார்.

கூட்டமாக முதல் மாடிக்குப் போனோம். செகரட்டரி மாமி கதவைத் திறந்து வாயில் விரல் வைத்தார்.

"இப்பத்தான் தூங்கறார். காலைலேர்ந்து ஒரே அலைச்சல்."

"மாமி, மோட்டார் போடணும். ஃப்யூஸ் கட்டை அவர் சட்டைப் பையில…"

மாமியின் முகம் மாறியது. "சேறும் பவுடருமா இருந்ததேன்னு சட்டையை அப்படியே நனைச்சு வெச்சுட்டேனே!"

சோப்புத் தண்ணீரில் சட்டை, சட்டைக்குள் மூன்று ஃப்யூஸ் கேரியர், இரண்டு பேனா. நனைக்கச் செலவானது வீட்டில் பிடித்து வைத்திருந்த கடைசி வாளி. ஈரக் கட்டையை மீட்டர் பெட்டியில் சொருக எலெக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார். எனவே, மூன்று பீங்கான் கட்டைகளும் துடைக்கப்பட்டு, பால்கனியில் நீலக்கறை படிந்த சட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் வைக்கப்பட்டன. இருபத்து நான்கு வீட்டாரும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐந்து மணிக்குக் கீழே இறங்கியபோது லிஃப்ட் பக்கத்தில் புதுத் தாள். பென்சிலில் எழுதியிருந்தது.

"திருத்தம்–4. பொருள்: நீர் வழங்கல் தாமதம் – தொடர்பாக. காரணம்: உலர்ந்துகொண்டிருக்கிறது."