ஒரு சென் எங்கே போச்சு?

கேள்வி: மளிகைக் கடை ரசீதை மகள் படம்பிடித்து அனுப்பினாள். அட்டவணை போட்டுக் கூட்டினால் 12.46 ரிங்கிட், ரசீதிலோ 12.45. கடைக்காரர் ஏமாந்தாரா, நானா?
- லோபாக் வாசகர்

பதில்: இருவருமே இல்லை. அந்த ஒரு சென்னை பேங்க் நெகாராவின் விதி எடுத்துக்கொண்டது! 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். மொத்தத்துக்கு மேலே பொடி எழுத்தில் -0.01 என்று இருக்கும், பாருங்கள். அதற்கும் தனி வரி கொடுங்கள்:

| பொருள் | அளவு | விலை | தொகை |
|---|---|---|---|
| சின்ன வெங்காயம் | 0.635 கிலோ | 4.50 | 2.86 |
| சீனி | 2 | 2.85 | 5.70 |
| பால் டின் | 1 | 3.90 | 3.90 |
| சரிக்கட்டல் | | | -0.01 |
| மொத்தம் | | | 12.45 |

உண்மையான ஆபத்து வெங்காய வரியில்தான். மங்கிய படத்தில் புள்ளி தெரியாவிட்டால் 635 கிலோ வாங்கியதாக ஆகிவிடும். கல்யாண வீட்டுக்கே அது அதிகம். அளவை விலையால் பெருக்கினால் 2.8575 வருகிறது, அது 2.86 ஆகிறது, புள்ளி இருக்கவேண்டிய இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். சில ரசீதுகளில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். அது அந்தப் பொருளின் மொத்தத் தொகை. சீனிக்கு 5.70 என்றால் அதை இரண்டால் வகுத்த பிறகே விலைப் பத்தியில் எழுதுங்கள். ரசீதுத் தாள் வெயில்பட்டால் வெளுத்துவிடும். அடுத்த முறை கடையைவிட்டு இறங்குமுன் மகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.