மாலையும் கையுமாக ஒரு பேச்சாளர்

சுயமரியாதைத் திருமண மேடைகளில் ஒரு வகை மாப்பிள்ளையைப் பார்க்கலாம். வழக்கமான உறுதிமொழி போதாது, மாலை மாற்றும்போது பெண்ணிடம் தன் சொந்த வார்த்தையில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று துடிப்பவர். ஆசையில் குற்றமில்லை. குற்றமெல்லாம் அவர் சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தில்தான் இருக்கிறது. “வாழ்க்கை என்னும் நெடும்பயணத்தில்” என்று தொடங்கும் அந்த உரை, பெண்ணின் பெற்றோரைப் போற்றி, நண்பர்களுக்கு நன்றி கூறி, இரண்டாம் பக்கத்தில்தான் பெண்ணிடம் வந்து சேரும். பள்ளிப் பேச்சுப்போட்டியில் நழுவிய முதல் பரிசை இங்கே பிடித்துவிடப் பார்க்கிறார் போலும். இரண்டு கையிலும் மாலை இருக்கும்போது காகிதத்தை எந்தக் கையால் பிரிப்பது என்பதை மட்டும் அவர் யோசித்திருக்க மாட்டார்.

மாலை மாற்றும்போது சொல்லும் வார்த்தையின் நீளத்தை அன்பு தீர்மானிப்பதில்லை, கை தீர்மானிக்கிறது. கட்டி முடித்த ரோஜா மாலை நல்ல கனம். அதை இடுப்பளவில் ஏந்தி நிற்கும்வரை சிரமமில்லை. முகமும் தெரியும், குரலும் கேட்கும். தூக்கிவிட்டாலோ பூவே வாயை மறைத்துவிடும், தோளும் கடுக்கத் தொடங்கும். எதிரே பெண் தலையைக் குனிந்து காத்திருக்கிறாள். குனிந்த தலைக்கு மேல் நடுங்கும் மாலையோடு ஒருவர் “மேலும்” என்று சொன்னால், பெண் கீழிருந்து ஒரு கண்ணால் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையின் பொருள் கடைசி வரிசைக்கும் புரியும். ஆகவே, பேச்சு தூக்குவதற்கு முன். ஒரே மூச்சில் முடிய வேண்டும். தூக்கிப் போடுவது மௌனமாக. நெற்றிச்சுட்டியிலும் ஜிமிக்கியிலும் நார் மாட்டாமல் பார்த்துக்கொள்ளவே அப்போது கவனம் போதாது.

உதாரணத்துக்கு, பெண் மருத்துவமனைச் செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். நம் மாப்பிள்ளையின் உரையில் “உன் இன்பத்திலும் துன்பத்திலும்” என்று ஒரு பத்தி இருக்கும். அது எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் என்பதால் முதலில் அதைத்தான் அடிக்க வேண்டும். நன்றியெல்லாம் பந்தியில் சொல்லிக்கொள்ளலாம். பயணம், படகு, கரை மூன்றும் போகட்டும். அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான்: “உனக்கு நைட் டூட்டின்னா அன்னைக்கு அடுப்பு என் பொறுப்பு.” இது ஒரு மூச்சு. பதிலுக்கு அவள், “உப்பு கூடினாலும் சாப்பிடுவேன். ஆனா சொல்லாம இருக்க மாட்டேன்” என்று சொல்லி மாலையைப் போட்டால் கூட்டம் தானாகச் சிரிக்கும். இரண்டு பேரும் கலந்து பேசி அளவை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. ஒருவர் ஒரு வரியும் மற்றவர் ஒரு பக்கமும் பேசினால், குறைவாகப் பேசியவருக்கு விருப்பமில்லையோ என்று பெரியம்மாக்கள் அங்கேயே விசாரணை தொடங்கிவிடுவார்கள்.

“வாழ்நாள் வாக்குறுதியை ஒரு வரியில் அடக்கலாமா?” என்று கேட்பார் மாப்பிள்ளை. சட்டம் அந்த ஒரு வரியைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம். அல்லது விரலில் மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். இதில் எது செய்தாலும் போதும். ஊமையாக நின்று மாலை மாற்றினாலும் கல்யாணம் கல்யாணம்தான். திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சுமை தன் உரைக்கு இல்லை என்று தெரிந்த பிறகாவது அவர் கொஞ்சம் இளகலாம். “அப்படியானால் எதற்குப் பேச வேண்டும்?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் கேட்பார். கூச்சப்படுகிறவர்கள் பேச வேண்டாம்தான். மாமாமார் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி விளையாட்டுக் காட்டும் மாலை மாற்றலில் பேச்சுக்கு இடமே இல்லை. தலைவர்களின் வாழ்த்துரையே மணிக்கணக்கில் நீளும் மேடையில் மணமக்களுக்கு ஒரு மூச்சு தரக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

மோதிரத்துக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதுவே. நுனி விரலில் மோதிரத்தை நிறுத்தி வரியைச் சொல்லிவிட வேண்டும். கணுவைத் தாண்டித் தள்ளும்போது பேசினால் சொல்லும் சிக்கும், மோதிரமும் சிக்கும். மேளக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அவசியம். மாலை அசைந்தாலே கெட்டிமேளம் என்று பழகிய தவில், இலக்கியத்துக்காகக் காத்திருக்காது. இத்தனையும் சரியாக நடந்த பிறகு போட்டோகிராபர் கையை உயர்த்துவார்: “சார், ஃபோகஸ் போயிடுச்சு, மாலையைக் கழட்டி இன்னொரு தடவை போடுங்க.” அடுப்பு வரியை இன்னொரு தடவையும் சிரித்தபடி சொல்லிவிடலாம். நெடும்பயணக்காரர் மறுபடியும் முதல் பக்கத்தைத் தேட வேண்டும்.