காசு வந்துச்சா?

முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையத்துக்குப் போகிற வழியில் எங்கள் மளிகைக் கடை. அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் யார் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினாலும் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார். வெள்ளைப் பகுதியில் காந்தி முகம் தெரிகிறதா, சாய்த்தால் நடுவில் ஓடும் நூல் பச்சையிலிருந்து நீலமாக மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சில்லறை எண்ணுவார். இருபது வருஷமாகக் கடைக்கு வருகிற அத்தை கொடுத்த நோட்டுக்கும் அதே சோதனைதான். யாரும் முகம் சுளித்ததில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்ததால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

2016 நவம்பர் 8 இரவு பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. யுபிஐ அந்த வருஷம்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டோடு வருகிறவருக்கு எண்பது ரூபாய்ச் சாமானைக் கொடுத்துவிட்டு மீதிக்கு எங்கே போவது என்று அப்பா தவித்ததைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் ஒரு பையன் வந்து கண்ணாடி அலமாரியில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனான். இன்று காலையில் பால் பாக்கெட் வாங்குகிறவர்கூட, “அண்ணா, ஸ்கேனர் எங்கே?” என்றுதான் கேட்கிறார். சில்லறைத் தகராறு போயே போய்விட்டது. அது உண்மையான நிம்மதி.

ஆனால் நோட்டு இருந்த காலத்தில் பார்க்க வேண்டிய பொருள் நம் கைக்கு வந்தது. இப்போது வாடிக்கையாளர் தன் போனைத் திருப்பிக் காட்டுகிறார். பச்சை டிக், தொகை, நம் கடைப் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தத் திரை அவருடைய பொருள். அதில் தெரிவதை வைத்து நம் கணக்கில் காசு சேர்ந்ததா என்று முடிவு செய்ய முடியாது.

ஏன் என்று புரிய, ஸ்டிக்கருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பிரித்தால் வருவது இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Amman%20Stores&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி. `pn` என்பது காட்டுவதற்கான பெயர். தொகை இதில் கிடையாது, ஸ்கேன் செய்கிறவர்தான் அடிக்கிறார். பிறகு அவருடைய வங்கி கழிக்கிறது, என்பிசிஐ வழியாக நம் வங்கிக்குத் தகவல் போய் வரவு வைக்கப்படுகிறது. அது முடிந்தது என்ற பதில் திரும்பி வந்த பிறகுதான் அசல் ஆப் பச்சை டிக்கை வரைகிறது. போலி ஆப் இந்த வழியில் எதையும் அனுப்புவதில்லை. அதுவும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யும், அதிலிருக்கும் பெயரை எடுத்துக்கொள்ளும், தொகையைக் கேட்கும், பின் நம்பர் கேட்பதுபோல நடிக்கும், கடைசியில் டிக்கை வரைந்து ‘டிங்’ என்று சத்தமும் போடும். 2021-லேயே ஐதராபாத்தில் இப்படிப்பட்ட ஆப்பைக் காட்டிக் கடைக்காரர்களை ஏமாற்றியவர்களைப் போலீஸ் பிடித்தது.

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம், கல்லாவில் அம்மா. பைக்கை ஆஃப் செய்யாமலே ஒரு பையன் வந்து இறங்கினான். எண்ணெய் இரண்டு பாக்கெட், பருப்பு, சோப்பு என்று 640 ரூபாய் பில். ஸ்கேன் செய்து, “ஆன்ட்டி, போட்டுட்டேன்” என்று காட்டினான். சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை.

பாக்ஸ் பேசாதது மட்டுமே ஆதாரம் இல்லை. அதற்குள் இருப்பதும் ஒரு சிம்தான். சிக்னல் போனாலோ சார்ஜ் இறங்கினாலோ அது வாய் திறக்காது. பேசினாலும் தொகையைத்தான் சொல்லும், யார் கொடுத்தது என்று சொல்லாது. அதனால் நான் கடை போனில் வியாபார ஆப்பைத் திறந்து லிஸ்டைக் கீழே இழுத்துப் புதுப்பித்தேன். கடைசி வரவு 45 ரூபாய், ஆறு நிமிஷத்துக்கு முன்னால் வந்தது. 640 இல்லை.

அப்புறம்தான் அவன் திரையைப் பார்த்தேன். தேதி, நேரம் சரி. பன்னிரண்டு இலக்க யுபிஐ எண்ணும் இருந்தது. பெற்றவர் இடத்தில் கடைப் பெயர் இருந்தது, அங்கேதான் இடித்தது. எங்கள் வங்கிக் கணக்கு அம்மா பெயரில். எங்களைப் போன்ற சிறு கடைகளுக்குப் பணம் போடும்போதும், வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும், க்யூஆரில் இருப்பதைக் காட்டக் கூடாது என்று 2025 ஏப்ரலில் என்பிசிஐ சொல்லிவிட்டது. ஜூன் 30 கெடு. அதற்குப் பிறகு எங்கள் கடையில் போடுகிறவர்கள் போனில் அம்மா பெயர்தான் வரும். இவன் போனில் ஸ்டிக்கரில் இருந்த பெயர் அப்படியே வந்திருந்தது.

“தம்பி, எங்க போன்ல இன்னும் வரல. கொஞ்சம் இருங்க, வந்ததும் எடுத்துட்டுப் போங்க.”

“சர்வர் ஸ்லோவா இருக்கும்ணா. நம்பர் காட்டறேன், பாருங்க.”

“நம்பர் இருக்கட்டும் தம்பி, எங்க லிஸ்ட்ல வரணும். அவசரம்னா கேஷ் குடுங்க. இது அப்புறம் வந்தா திருப்பி வாங்கிக்கலாம்.”

ஏடிஎம் போய் வருகிறேன் என்று கிளம்பினான். பை மேசையிலேயே இருந்தது, ராத்திரி கடை சாத்தும்போது பிரித்து அடுக்கினோம். அந்த 640 கடைசிவரை வரவில்லை.

பெயர் வித்தியாசம் ஒரு தடயம்தான். கெட்டிக்காரன் அங்கே எந்தப் பெயரையும் தட்டிவிடலாம். எழுத்துரு பிசகுகிறதா, பழைய ஸ்கிரீன்ஷாட்டா என்று அவர்கள் போனில் ஆராய்வதற்கும் எல்லை உண்டு. ஹிஸ்டரியைக் காட்டு என்றால் போலி ஆப் அதையும் காட்டும். எஸ்எம்எஸ்ஸை நம்பி உட்காரவும் முடியாது, சின்னத் தொகைகளுக்கு அனுப்புவதைச் சில வங்கிகள் நிறுத்திவிட்டன. பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து “உங்கள் கணக்கில் வரவு” என்று வந்தால் அதை வங்கி அனுப்பவில்லை. அதனால் இப்போது எங்கள் கடையில் யார் போனைத் திருப்பினாலும் அம்மா அதைப் பார்ப்பதே இல்லை. தன் பக்கத்திலிருக்கும் போனில் தொகை, நேரம், பெயர் மூன்றையும் பார்த்துவிட்டு, “வந்துடுச்சுப்பா” என்கிறார். பத்து ரூபாய் என்றாலும் அப்படித்தான், தெரிந்தவர் என்றாலும் அப்படித்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஏமாற்றாதவர்களின் பாடு. அவர்கள் கணக்கில் பணம் கழிந்திருக்கும், நமக்கு வந்திருக்காது. 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை நாடு முழுக்க யுபிஐ தடுமாறியபோது எத்தனையோ பேர் கடை வாசல்களில் கூனிக்குறுகி நின்றார்கள். அவர்களைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் அது பெரிய அநியாயம். இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. கடைக்கான பணம் கழிந்து உறுதி வராமல் நின்றுவிட்டால், ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. போலி டிக்கில் இந்த விதிக்கு வேலை இல்லை. பணமே நகராததால் வங்கியிடம் திருப்பிக் கேட்க ஒன்றுமில்லை. அது நேரடி மோசடி, சிசிடிவி பதிவையும் வண்டி நம்பரையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 1930 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு 210 ரூபாய் அப்படி நின்றுவிட்டது. அவர் போனில் “பிராசஸிங்” என்று இருந்தது, எங்கள் லிஸ்டில் ஒன்றுமில்லை. அம்மா சாமானைக் கொடுத்து அனுப்பினார், நோட்டில் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் பணம் அவர் கணக்குக்கே திரும்பியது. அன்றைக்கே வந்து மறுபடி ஸ்கேன் செய்தார், அம்மா லிஸ்டைப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்தார்.