பத்து நிமிடப் பிரியாவிடை

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஓர் ஆசிரியை ஓய்வுபெறுகிறார். சேவைநயப்பு விழாவில் திரையிடப் படத்தொகுப்பு கேட்கிறார்கள். எப்படி அமைப்பது?
— வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: மொத்தம் 10 நிமிடம் போதும். அதைத் தாண்டினால் சபையின் கண்கள் சிற்றுண்டிப் பொதியைத் தேடும்.

முதலில் 4 மைல்கற்களைத் தெரிவு செய்யுங்கள். பதவிப் பட்டியல் வேண்டாம். அவர் செய்த வேலை வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பிற்காலத்தில் துணைவேந்தரானவர். ஆனாலும் பேராதனை என்றதும் பலருக்கு நினைவு வருவது, 1960களில் அவர் அங்கே மாணவரைக் கொண்டு மேடையேற்றிய ‘இராவணேசன்’ போன்ற கூத்துகள்தாம். உங்கள் ஆசிரியைக்கும் அப்படியொன்று இருக்கும்.

ஒவ்வொரு மைல்கல்லுக்கும் 3 படம், படத்துக்கு 20 விநாடி: 4 நிமிடம். பழைய படங்களைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிப் பிரதியெடுங்கள். இல்லையேல் படமெடுப்பவரின் தலையும் திரையில் தெரியும்.

இடையிடையே பழைய மாணவர், சக ஆசிரியர், காவலாளி என மூவரின் வாழ்த்து. ஆளுக்கு 1 நிமிடம், ஒரேயொரு சம்பவம். முன்கூட்டியே பதிவுசெய்தால் நீளாது.

மீதி 3 நிமிடமும் ஆசிரியைக்கே. அன்று அதிகம் பேசவேண்டியவர் அவர்தான்.