ஐந்தாம் தேதி ஓனர்

சென்னைப் புறநகரில் புதிதாக உருவாகும் ஹவுஸ் ஓனர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். கிராஜுவிட்டி வந்ததும் தரைத்தளத்துக்கு மேலே ஒரு மாடி ஏறும். கையிருப்பு கூரை மட்டத்தில் தீர்ந்துபோய், மீதிக்கு வங்கிக் கடன் வரும். வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் கேட்டில் 'டு லெட்' பலகை தொங்கும். நம் கதாநாயகர் மடிப்பாக்கத்துக்காரர். அஞ்சலகக் கவுன்ட்டரில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயர் 'போஸ்ட் ஆபீஸ் சார்'. நாமும் சார் என்றே வைத்துக்கொள்வோம்.

மாடிக்கு வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். குடிவர விரும்பியவர்களை சார் நடத்திய நேர்காணல் அரசுத் தேர்வாணையத்தையே வெட்கப்பட வைக்கும். சொந்த ஊர் எது? அசைவம் சமைப்பீர்களா? சொந்தக்காரர்கள் வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள்? சுவரில் ஆணி அடிப்பீர்களா? ஆணி விஷயத்தில் மட்டும் மூன்று துணைக் கேள்விகள். எல்லாவற்றிலும் தேறியவர் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. டை கட்டிய தம்பி. மனைவி, ஒரு குழந்தை, ஒரு பைக். "வாடகை ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும், தம்பி." "அதுல உங்களுக்குக் கவலையே வேணாம், சார்."

ஏன் ஐந்தாம் தேதி? சாரின் வீட்டுக் கடன் தவணை அன்றைக்குத்தான் கணக்கிலிருந்து கழியும். தம்பிக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று அவர் கேட்கவே இல்லை. கடைசி வேலை நாளன்று சம்பளம் வாங்கியே பழகிய மனிதருக்கு, உலகத்தில் வேறு தேதிகளிலும் சம்பளம் வரும் என்பது தோன்றவில்லை.

முதல் மாத வாடகை சாவி கொடுத்த அன்றே கிடைத்தது. இரண்டாம் மாதம் 11-ஆம் தேதி வந்தது. மூன்றாம் மாதம் 18.

தாமதமாகத் தரும் குடித்தனக்காரரை, தராதவரோடு சேர்த்துவிடக் கூடாது. தராதவர் போனை எடுக்க மாட்டார். இவரோ முதல் மணியிலேயே எடுப்பார். "சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்று ஆரம்பிப்பார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார். சாரின் மனைவிக்கு மூட்டுவலி என்றதும் கம்பெனி சாம்பிள் தைலம் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். அப்படிப்பட்டவரிடம் எப்படிக் குரலை உயர்த்துவது?

உயர்த்தவில்லை. மாறாக, சார் சாடை முறையைக் கையாண்டார். ஐந்தாம் தேதி காலையில் மாடிப்படியைத் தானே பெருக்குவார்; ஒவ்வொரு படியிலும் ஒரு இருமல். ஆறாம் தேதி தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏறுவார். ஏழாம் தேதி வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு 'காலை வணக்கம்' போகும். பதிலுக்கு மாடியிலிருந்து தாமரைப்பூ வரும். வாடகை என்ற வார்த்தை மட்டும் இரு பக்கமும் வராது. எட்டாம் தேதி பொறுக்க முடியாமல், "கரண்ட் பில் வந்துடுச்சா, தம்பி?" என்று கேட்பார். "கட்டிட்டேன், சார்" என்பார் தம்பி. அதை மட்டும் அவர் நாள் தவறாமல் கட்டிவிடுவார். கட்டாவிட்டால் மின்வாரியம் இருமிக்கொண்டிருக்காது, ஃபியூஸைப் பிடுங்கிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே சார் கவுன்ட்டரில் கறார்ப் பேர்வழி. அஞ்சலகத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., கட்டத் தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாயை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அரசாங்கப் பணத்துக்கு நீண்ட கை, சொந்தப் பணம் என்றதும் வேட்டி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஒரு மாதம் ஓய்வூதியக் கணக்கில் போதுமான இருப்பு இல்லாமல் கடன் தவணை திரும்பியது. வங்கி 500 ரூபாய் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி. 90 ரூபாயும் எடுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் வீட்டில் விஷயம் வெடித்தது.

யோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? "அட்வான்ஸ்தான் கையில இருக்கே, அதுல கழிச்சுக்க வேண்டியதுதானே" என்றார் சம்பந்தி. கையில் எங்கே இருக்கிறது! அது இரும்பு கேட்டாகவும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியாகவும் உருமாறி மாதக்கணக்காகிறது. கணக்குப்படியும் அது சரியான யோசனை இல்லை. மாதம் கொஞ்சமாக அட்வான்ஸில் கழித்துக்கொண்டே போனால், காலி செய்யும் நாளில் பெயின்ட் செலவுக்கும் உடைந்த குழாய்க்கும் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. குடித்தனக்காரருக்கும் வாடகை என்பது எப்போதோ கொடுத்து முடித்த பணம் என்ற எண்ணம் வந்துவிடும்.

மைத்துனர் இன்னும் சூடான மனிதர். "மோட்டாரைப் போடாதீங்க. ரெண்டு நாள் தண்ணி வரலேன்னா மூணாம் நாள் பணம் தானா இறங்கி வரும்." சார் சுவிட்ச் வரைக்கும் போய்விட்டார். மாடிக் குழந்தை படியில் உட்கார்ந்து "தாத்தா" என்றதும் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். போட்டது நல்லதாயிற்று. பக்கத்துத் தெரு வக்கீல் மறுநாள் அதைத்தான் முதலில் சொன்னார்: வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், விவகாரம் தலைகீழாகிவிடும்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தை அவர் விளக்கினார். இரண்டு மாத வாடகை பாக்கி சேர வேண்டும். எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் குடித்தனக்காரர் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்தைச் சொல்லிக் காலி செய்யச் சொல்ல முடியாது.

"உங்க ஆள் என்னிக்காவது ரெண்டு மாசம் சேர்த்து வெச்சிருக்காரா?"

"இல்லை. இருபது நாளுக்குள்ள எப்படியும் கொடுத்துடுவார்."

"அப்போ சட்டம் அவர் வாசலுக்கே வராது, சார். அக்ரிமென்ட் எங்கே?"

சார் பெருமையோடு இருபது ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து நீட்டினார். பதினோரு மாத ஒப்பந்தம். ஆணி அடிப்பது பற்றி ஒரு ஷரத்தே இருந்தது. தாமதமானால் என்ன என்று ஒரு வரி இல்லை. வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவில்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஆணியைக் கட்டிப்போட்டுட்டீங்க, வாடகையை அவுத்து விட்டுட்டீங்க" என்றார்.

அன்று மாலை சார் ஒரு நீள நோட்டு வாங்கினார். அஞ்சலக வழக்கப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வங்கிக் கணக்கைப் பார்த்துப் பழைய வரவுகளை எல்லாம் தேதிவாரியாக எழுதினார். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஓட்டை. ஜூலை வாடகை மூன்று துண்டாக வந்திருந்தது: 12-ஆம் தேதி 5,000, 21-ஆம் தேதி 4,000, 29-ஆம் தேதி 3,000. ஆகஸ்டில் 11-ஆம் தேதி 7,000, 24-ஆம் தேதி 7,000. தம்பியின் கணக்கில் ஆகஸ்ட் சுத்தம். சாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஜூலையில் விழுந்த 2,000 ரூபாய் இருவருக்கும் மறந்தே போயிருந்தது. துண்டுதுண்டாக வாங்குகிறவர்களுக்கு இதுதான் ஆபத்து. பணம் ஏமாற்றப்படுவதில்லை, காணாமல் போகிறது.

இரண்டாவதாகத் தெரிந்தது ஒரு ஒழுங்கு. துண்டாக வந்த எந்த மாதத்தை எடுத்தாலும் முதல் துண்டு 11, 12 வாக்கில்தான் வந்திருந்தது. மீதி எப்போதும் 20 தாண்டி. தாமதம் என்று அவர் நினைத்ததற்கு ஒரு கால அட்டவணை இருந்தது!

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, இத்தனை மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார். "சம்பளம் எப்போப்பா வரும்?" கம்பெனி பத்தாம் தேதிதான் போடுமாம். அது மட்டுமில்லை. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று சுற்றுகிற பெட்ரோலும் லாட்ஜ் வாடகையும் முதலில் தம்பியின் கைப்பணம். பில் போட்டு, மேலாளர் ஒப்புதல் கொடுத்து, அந்தப் பணம் திரும்பி வர இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகிவிடும். ஆக, மடிப்பாக்கத்து வாடகை மாதாமாதம் திண்டிவனம் பைபாஸில் பெட்ரோலாக எரிந்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் உயிர்பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது.

சாருக்கு ஆர்.டி. விதி ஞாபகம் வந்தது. மாதம் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கியவருக்குக் கெடு 15. அதற்குப் பிறகு தொடங்கியவருக்கு மாதக் கடைசி வேலை நாள். அரசாங்கமே ஆளுக்கேற்ற தேதி வைத்திருக்கும்போது மாடி வீட்டுக்கு என்ன? புது ஒப்பந்தம் எழுதினார்கள். 12-ஆம் தேதி 9,000, 25-ஆம் தேதி 5,000. இரண்டில் எது தவறினாலும் நாளுக்கு 50 ரூபாய். எந்தப் பணம் வந்தாலும் முதலில் புது ஒப்பந்தத்துக்குப் பிறகு விழுந்த பாக்கியில் வரவு வைக்கப்படும். மீதி எவ்வளவு என்று அன்றைக்கே செய்தி போகும். இந்தத் தடவை முறையாகப் பதிவும் செய்தார்கள். பஞ்சப்படி நிலுவையாக வந்த தொகையைக் கடன் கணக்கில் போட்டு, ஒரு மாதத் தவணை எப்போதும் முன்கூட்டியே கிடக்கும்படி சார் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் தேதி என்பது அவருக்கும் வங்கிக்கும் உள்ள விவகாரம். அதில் தம்பியை எதற்கு இழுக்க வேண்டும்? ரோஜாப்பூ நின்றது. இப்போது 11-ஆம் தேதி மாலை ஒரே வரி போகும்: "தம்பி, நாளை 9,000."

ஜனவரியில் ஒரு சோதனை வந்தது. வருமான வரியில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்க, தம்பிக்கு அதுவரை கட்டிய மாதங்களின் ரசீது வேண்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். வருடத்தில் அன்று ஒரு நாள்தான் குடித்தனக்காரர் வீட்டுக்காரரைத் தேடி வருவார். "எல்லாத்துலயும் அஞ்சாம் தேதின்னே போட்டுக் கொடுத்துடுங்க, சார். பார்க்க நல்லா இருக்கும்." தேதி முத்திரை குத்தியே முடி நரைத்தவரிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. பான் எண்ணை உடனே எழுதிக் கொடுத்தார். ரசீதுகளில் மட்டும் பணம் வந்த தேதிகளையே போட்டார். ஜூலை ரசீதில் 12,000 என்று இருந்ததைப் பார்த்துத் தம்பி விழித்தார். நோட்டு விரிந்தது. அந்த 2,000 அன்று இரவே வந்து சேர்ந்தது.

"அம்பது ரூபாயை எல்லாம் வாங்கணுமா? சின்னப் பையன் பாவம்" என்று சாரின் மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சார் கேட்பதில்லை. நோட்டில் அதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. புது ஒப்பந்தம் தொடங்கி ஆறு மாதத்தில் அந்தப் பத்தியில் சேர்ந்த மொத்தத் தொகை 350 ரூபாய்.