கல்லாற்றில் எண்ணிய கற்கள்

எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கெட்டுப்போனது. "வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல, வாரண்டி இருக்கும்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு அட்டையைத் தேடி எடுத்தேன். வாங்கிய தேதி 2016. என் மனைவி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் வெந்நீர் வைக்கப் போனாள். அன்றிலிருந்து "இப்பதான்" என்ற சொல்லை வீட்டில் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்துகிறேன்.

அந்த மனநிலையில்தான் பேரனையும் கூட்டிக்கொண்டு கல்லாற்றுக்குப் போனோம். நான் அங்கே முதலில் போனது 1975-ல், பத்து வயதில், நாகர்கோவிலிலிருந்து பள்ளிச் சுற்றுலாவாக. ஒரே ஒரு நாள்தான். ஆனால் என் நினைவில் அந்த நாள் ஏறக்குறைய ஒரு கோடை விடுமுறை நீளம். பஸ்ஸில் வாந்தி எடுத்தவன், புளியோதரைப் பொட்டலத்தின் வாழையிலை வாசம், தண்ணீரில் கால் வைத்ததும் முட்டிவரை ஏறிய குளிர், சாரின் செருப்பு ஒன்று ஆற்றோடு போனது என எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. போன மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லச் சொல்லுங்கள். தோசை சாப்பிட்டிருப்பேன் என்று யூகமாகச் சொல்வேன்.

இதற்கு எல்லோரும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. பத்து வயதுக்காரனுக்கு ஒரு வருஷம் என்பது அவன் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு, அறுபது வயதுக்காரனுக்கு அறுபதில் ஒரு பங்கு, அதனால் சின்னதாகத் தெரிகிறது. இதைச் சொன்னவர் போல் ஜானே என்ற பிரெஞ்சு தத்துவப் பேராசிரியர். வருஷம் 1877. கேட்க அழகாக இருக்கும். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் இடிக்கும். அந்தக் கணக்குப்படி என்னுடைய ஒரு மணி நேரம் பேரனின் பத்து நிமிஷமாக ஓட வேண்டும். பல் டாக்டர் நாற்காலியில் அப்படி ஓடியதாக எனக்கு ஞாபகமில்லை. 1890-ல் வில்லியம் ஜேம்ஸும் இதைக் கவனித்திருக்கிறார். வயதானால் நாளும் மாதமும் வருஷமும் சுருங்குகின்றன, மணி நேரம் சந்தேகம், நிமிஷமும் நொடியும் அப்படியே இருக்கின்றன என்பது அவர் கருத்து. ஆக, கடிகாரம் ஓடும் வேகத்தில் சிக்கல் இல்லை. பிறகு உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டும்போதுதான் சிக்கல்.

நெடுமங்காடு தாண்டி விதுரா வருவதற்குள் பேரன் "வந்தாச்சா தாத்தா?" என்று பதினோரு தடவை கேட்டுவிட்டான். பொன்முடி ஏறும் அந்த 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே, மலையடிவாரத்தில் கல்லாறு வந்துவிடும். வாமனபுரம் ஆற்றில் போய்ச் சேரும் ஆறு. பெயருக்குத் துரோகம் செய்யாமல் முழுக்கக் கல். தேய்ந்து தேய்ந்து வழவழவென்று உருண்ட கற்கள். அடியில் கிடப்பதுகூடக் கண்ணாடிக்குக் கீழே வைத்த மாதிரி தெரியும்.

பேரன் இறங்கினான். பொறுக்க ஆரம்பித்தான். "இது முட்டை. இது பாட்டி மூக்குத்தி மாதிரி மினுக்குது. இதுல கோடு இருக்கு, ரோடு மாதிரி. இது உள்ள பொத்தலு." கரையில் உட்கார்ந்திருந்த நானும் அதே கால் மணி நேரம் அதே ஆற்றைத்தான் பார்த்தேன். என் மூளை எழுதிக்கொண்டது ஒரே வரி: கல். அதுவும் பழைய பதிவுதான், மேலே ஒரு டிக்.

மனவியல்காரர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்கு மனசுக்கு ஒத்துவருவது இதுதான். ஒரு காலம் எவ்வளவு நீளம் என்று பின்னாலிருந்து அளக்கும்போது நாம் மணியை எண்ணுவதில்லை, அதில் தேறிய ஞாபகங்களை எண்ணுகிறோம். புதிதாக நடந்ததுதான் தனி ஞாபகமாக நிற்கும். திரும்பத் திரும்ப நடந்ததெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்து ஒரே ஞாபகமாகிவிடும். முப்பது வருஷம் நான் ஆபீசுக்குப் போன பஸ் பயணம் அத்தனையும் சேர்ந்து இன்று என்னிடம் இருப்பது ஒரு பஸ்.

அமெரிக்காவில் டேவிட் ஈகிள்மன் என்ற மூளை ஆய்வாளரும் அவர் குழுவும் 2007-ல் இதை ஒரு முரட்டு வழியில் சோதித்தார்கள். ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க வலையில் விழ விட்டார்கள். கேட்டால், தாங்கள் விழுந்த நேரம் மற்றவர்கள் விழுந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிக நீளம் என்றார்களாம். மணிக்கட்டில் ஒரு கருவி கட்டி, அதில் எண்களைப் படிக்க முடியாத வேகத்தில் மாற்றினார்கள். உண்மையிலேயே காலம் மெதுவானால் எண்ணைப் படித்திருக்க வேண்டும், சினிமா ஸ்லோமோஷன் மாதிரி. ஒருவராலும் முடியவில்லை. விழும்போது நேரம் நீளவில்லை, பயத்தில் ஞாபகம் நெருக்கிப் பதிந்ததால் நினைத்துப் பார்க்கும்போது நீண்டது. வயதைப் பற்றிய சோதனை இல்லை இது. என்றாலும் என் 1975-க்கு இதுவே போதும்.

இதில் என் வயதுக்காரர்களை அவமானப்படுத்தும் தகவல் ஒன்று உண்டு. மார்க் விட்மன், சாண்ட்ரா லென்ஹாஃப் என்ற இருவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 14 முதல் 94 வயது வரை 499 பேரைக் கேட்டார்கள். போன வாரம், போன மாதம், போன வருஷம் எப்படி ஓடியது? சின்னவரும் பெரியவரும் ஏறக்குறைய ஒரே பதில்: வேகமாக. கடந்த பத்து வருஷம் எப்படி என்று கேட்டபோதுதான் வயதின் சாயல் தெரிந்தது, அதுவும் கொஞ்சமாக. அதாவது "எங்களுக்குத்தான் காலம் பறக்குது" என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விட எங்களுக்குத் தனி உரிமை கிடையாது. பிளஸ் டூ படிக்கிற பையனும் அதையேதான் சொல்கிறான், என்ன, அவனுக்குத் திண்ணை இல்லை. பிறகு வந்த ஆய்வுகள், வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்குத்தான் காலம் இன்னும் வேகம் என்கின்றன. ரிட்டயர் ஆன நான் எதில் பிஸி என்று என் மனைவி கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

சாயாக்கடையில் பழம்பொரி வாங்கினோம். "பண்டு வந்நிட்டுண்டோ?" என்றார் கடைக்காரர். "இப்பதான்…" என்று ஆரம்பித்தேன். மனைவி முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி, "ஐம்பது வருஷம் முன்னாடி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சர்க்கரையைக் குறைத்துப் போட்டார்.

திரும்பும்போது பேரனின் டவுசர் இரண்டு பக்கமும் தொங்கியது. "ஆத்துக் கல்ல ஆத்துலயே போட்டுட்டு வா மக்களே" என்றாள் பாட்டி. ஒவ்வொன்றாக விடை கொடுத்து அனுப்பினான். மொத்தம் பதினேழு, வழியனுப்புவதற்கே கால் மணி நேரம் ஆனது. வண்டியில் ஏறியதும் மறுபடி "வந்தாச்சா" தொடங்கும் என்று காதைத் தயார் செய்துகொண்டேன். தொடங்கவில்லை. களியக்காவிளையில் விழித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தமிழ்ப் பலகைகளைப் பார்த்தான்.

"அதுக்குள்ளயா தாத்தா?"

திரும்பும் வழி குறைவாகத் தெரிவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-ல் நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பினாலும் குறைவாகத்தான் தெரியுமாம், எனவே பழகிய பாதை என்பது காரணம் இல்லை. போகும்போது நினைத்ததைவிட நேரமாகிவிடுகிறது, வரும்போது இன்னும் நேரமாகும் என்று மனசு தயாராகிவிடுகிறது, அதனால்தான். இதையெல்லாம் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் தூங்கிவிட்டான். கை மட்டும் டவுசர் பையில் இறுக்கமாக இருந்தது. பதினெட்டாவது கல் ஒன்று இருந்திருக்க வேண்டும்.